ஒரே வாரத்தில் இரண்டு இன்டர்வியூ: எந்த எச்.ஆரிடம் எதை, எப்போது சொல்வது?

கேள்வி: "10-ம் தேதி செவ்வாய்க்கிழமை சிறுசேரியில் ஒரு கம்பெனியின் ஃபைனல் ரவுண்ட். 12-ம் தேதி வியாழக்கிழமை கிண்டியில் இன்னொரு கம்பெனி, அங்கே ஒரு ரவுண்டுதான் முடிந்திருக்கிறது, இன்னும் இரண்டு பாக்கி. மனசு கிண்டிப் பக்கம்தான். வீடு திருமங்கலம், நோட்டீஸ் 60 நாள். ஒருவரிடம் மற்றதைப் பற்றிச் சொல்லலாமா? சொன்னால் கழற்றிவிட்டுவிடுவார்களா?"

சொல்லலாம். முதலில் கிண்டிக்காரர்களிடம் சொல்லுங்கள், அதுவும் செவ்வாய்க்கிழமை வருவதற்கு முன்னால். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். ஒரு ஆஃபர் கைக்கு வந்து, அதற்குப் பதில் சொல்ல ஒரு நாள்தான் பாக்கி என்ற நிலையில், பிடித்த கம்பெனிக்குப் பதறியடித்துப் போன் போடுவார்கள். அந்தப் பக்கம் இருப்பவர் மனசு வைத்தாலும் அப்போது ஒன்றும் செய்ய முடியாது. நான் 11 வருஷமாக ஆள் எடுக்கும் வேலையில்தான் இருக்கிறேன். முதல் 4 வருஷம் நுங்கம்பாக்கத்தில் ஒரு கன்சல்டன்சி, அப்புறம் கம்பெனிகளுக்குள்ளேயே. மேஜைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

கழற்றிவிடுவார்களோ என்ற பயத்தை முதலில் பார்த்துவிடலாம். இன்னொரு இடத்தில் நீங்கள் இன்டர்வியூ கொடுப்பது எந்த எச்.ஆருக்கும் பெரிய செய்தி இல்லை. வேலை தேடுகிறவர் நாலு இடத்தில் பேசத்தான் செய்வார். எங்கள் பயம் வேறு. ஆஃபரை ஒத்துக்கொண்டு, ராஜினாமாவும் கொடுத்துவிட்டு, நோட்டீஸ் ஓடும் அந்த 60 நாளும் எங்கள் கடிதத்தைக் காட்டியே வேறு இடங்களில் பேரம் பேசி, சேர வேண்டிய திங்கட்கிழமை காலையில் போனை எடுக்காமல் போகிறாரே ஒருவர், அவர்தான் எங்கள் பயம். இதை நாங்கள் 'டிராப்' என்போம். ஒரு டிராப் ஆனால் அந்த நாற்காலி இன்னும் இரண்டு மாதம் காலியாகக் கிடக்கும், மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது நாங்கள். அதனால்தான் முதல் போனிலேயே "வேற ஆஃபர் ஏதாவது இருக்கா, பைப்லைன்ல ஏதாவது ஓடுதா" என்று கேட்கிறோம். "இல்ல மேடம், ஒண்ணுமே இல்ல" என்பவரை நாங்கள் நம்புவதில்லை. அவருடைய நௌக்ரி புரொஃபைல் நேற்று ராத்திரிகூட அப்டேட் ஆகியிருப்பது எங்களுக்குத் தெரியும். "ஆமா, ஒண்ணு ஓடுது, செவ்வாய்க்கிழமை ஃபைனல்" என்று சொல்பவர்தான் நிம்மதி தருகிறார். நாளைக்குக் கதை மாறினாலும் அவர் வாயாலேயே தெரிந்துகொள்ளலாம் என்ற நிம்மதி.

எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். ஒரே ஒரு காலியிடம், ஃபைனலில் இரண்டு பேரும் சமமாக நிற்கிறார்கள் என்றால், வேறு இடம் எதுவும் இல்லாதவர் பக்கம் மேனேஜர் சாயக்கூடும். சின்ன கம்பெனிகளில் இதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கேயும், மறைத்து உள்ளே போய் ஆஃபர் வந்த பிறகு டைம் கேட்டால் அவர்கள் காட்டும் முகம் இதைவிட மோசமாக இருக்கும்.

சரி, ஏன் முன்கூட்டியே என்பதற்கு வருகிறேன். ஃபைனல் ரவுண்ட் முடிவதற்கும் ஆஃபர் கடிதம் உங்கள் மெயிலுக்கு வருவதற்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. இன்டர்வியூ எடுத்தவர் ஃபீட்பேக்கை சிஸ்டத்தில் ஏற்ற வேண்டும். அவருக்கும் வேலை இருக்கிறது, நாங்கள் இரண்டு தடவை நினைவுபடுத்தினால்தான் ஏற்றுவார். அடுத்து எச்.ஆர். உங்களிடம் சம்பளம் பேசுவார். கடைசி 3 மாத சம்பள ஸ்லிப், இப்போதைய கம்பெனியின் ஆஃபர் கடிதம், ஃபார்ம் 16 எல்லாம் கேட்டு வாங்குவார். பேசி முடித்த தொகை, அதே டீமில் இருப்பவர்களின் சம்பளத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஒருவர் பார்ப்பார். அப்புறம் பட்ஜெட்டை வைத்திருக்கும் தலைவர் அப்ரூவல் கொடுக்க வேண்டும். அவர் ஃபிளைட்டில் இருந்தால் அன்றைக்கு இல்லை. இத்தனைக்கும் பிறகுதான் கடிதம். ஓரளவு ஒழுங்காக நடக்கும் கம்பெனியில் இதற்கு 4, 5 வேலை நாள் ஆகும். இதைவிட இழுப்பதும் உண்டு.

இந்தக் கணக்கை உங்கள் தேதிகளில் போட்டுப் பாருங்கள். சிறுசேரியில் 10-ம் தேதி செவ்வாய் ஃபைனல். புதன் ஃபீட்பேக், வியாழன் சம்பளப் பேச்சு, வெள்ளி டாக்குமென்ட், 16 அல்லது 17 கடிதம். கடிதத்துக்குப் பதில் சொல்ல 2, 3 வேலை நாள் கொடுப்பது வழக்கம். ஆக உங்கள் கழுத்துக்குக் கத்தி வரும் நாள் சுமாராக 19-ம் தேதி வியாழன். கிண்டியில் மீதி இரண்டு ரவுண்டையும் 12-ம் தேதியே முடித்துவிட்டால், வெள்ளி ஃபீட்பேக், 16 சம்பளப் பேச்சு, 19 அல்லது 20 கடிதம். இடைவெளி ஒரு நாள்தான், அதைச் சிறுசேரியில் கேட்டு வாங்கிவிடலாம். ஆனால் கிண்டிக்காரர்கள் அவர்கள் வழக்கப்படி 12-ம் தேதி ஒரு ரவுண்ட், 19-ம் தேதி அடுத்தது என்று போட்டால் கடிதம் வர 26, 27 ஆகிவிடும். ஒரு வாரத்துக்கு மேல் யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

அதாவது உங்கள் விஷயத்தில் எல்லாமே அந்த இரண்டு ரவுண்டும் ஒரே நாளில் நடக்குமா என்பதில்தான் இருக்கிறது. சம்பள அப்ரூவலை வேகப்படுத்துவது ஒரு எச்.ஆரின் கையில் இல்லை. ரவுண்டுகளைச் சேர்த்துப் போடுவதும், ஃபீட்பேக்குக்காக மேனேஜரை விரட்டுவதும் மட்டும்தான் அவர் கையில் இருக்கிறது. அதைச் செய்ய அவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். இரண்டாவது ரவுண்ட் எடுக்க வேண்டியவருடைய காலண்டரில் வியாழக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் பிடிக்க வேண்டுமானால் திங்கட்கிழமையாவது கேட்டிருக்க வேண்டும்.

கிண்டி எச்.ஆருக்கு மதியம் 3 மணிக்கு மேல் போன் செய்யுங்கள். காலையில் நாங்கள் டிராக்கர் ஷீட்டோடும் மேனேஜர்களோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருப்போம். இப்படிப் பேசினால் போதும்:

"மேடம், ரெண்டு நிமிஷம் இருக்கா? வியாழக்கிழமை ரவுண்ட் பத்தி ஒரு விஷயம் சொல்லிடறேன். எனக்கு இன்னொரு இடத்துல ப்ராசஸ் ஓடுது, அங்க செவ்வாய்க்கிழமை ஃபைனல். செலக்ட் ஆனா 19-ம் தேதி வாக்குல பதில் கேப்பாங்கன்னு நினைக்கிறேன். எனக்கு உங்க ரோல்தான் பிடிச்சிருக்கு. மீதி ரெண்டு ரவுண்டையும் வியாழக்கிழமையே வெச்சுக்க முடியுமா? எத்தனை மணி ஆனாலும் இருக்கேன்."

"எந்த கம்பெனி?" என்று கண்டிப்பாகக் கேட்பார். பழக்க தோஷம், நானும் கேட்பேன். "பேர் வேண்டாமே மேடம், அவங்ககிட்டயும் உங்க பேரச் சொல்லல" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் இருக்கும் எச்.ஆர். அதற்கு முன் எதிர்ப்புறக் கட்டடத்தில் இருந்திருப்பார். எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், வாட்ஸ்ஆப் குழுக்கள் வேறு. பேரைச் சொன்னால் அன்று மாலையே அது போய்ச் சேர வாய்ப்பு உண்டு.

போன் பேசிய அரை மணிக்குள் ஒரு மெயில் போட்டுவிடுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், என்னைக் கேட்டால் போனைவிட இதுதான் முக்கியம். அந்த மெயிலை எச்.ஆர். படித்து மூடி வைக்கப் போவதில்லை, அப்படியே மேனேஜருக்கு ஃபார்வர்ட் செய்யப் போகிறார். "கேண்டிடேட் அவசரப்படறாங்க" என்று நாங்கள் வாயால் சொன்னால் மேனேஜர் "எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க, வெயிட் பண்ணட்டும்" என்று தள்ளிவிடுவார். கேண்டிடேட்டே எழுதிய மெயில், அதில் தேதி இருக்கிறது என்றால் காலண்டரைத் திறப்பார். அதனால் அதை மேனேஜர் போனில் படிப்பது போல 5 வரிக்குள் எழுதுங்கள். ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். அதில் இருக்க வேண்டிய விஷயம் இவ்வளவுதான்:

"போனில் பேசியதைப் பதிவு செய்கிறேன். வேறொரு நிறுவனத்தில் எனக்கு 10-ம் தேதி இறுதிச் சுற்று இருக்கிறது. தேர்வானால் 19-ம் தேதி வாக்கில் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டி வரலாம். உங்கள் பொறுப்பே என் முதல் விருப்பம். மீதி இரண்டு சுற்றுகளையும் 12-ம் தேதி நேரில் முடிக்க நான் தயார். 19-ம் தேதிக்குள் உங்கள் முடிவு தெரிந்தால் நல்லது. என் நோட்டீஸ் 60 நாள்."

'தேர்வானால்' என்ற சொல்லைக் கவனியுங்கள். இன்றைக்கு உங்கள் கையில் ஆஃபர் இல்லை. இருப்பது போல எழுதினால் அது பொய். அடுத்த வாரம் "அந்த லெட்டர காட்டுங்க" என்று கேட்டால் முழிக்க வேண்டி வரும். 'முதல் விருப்பம்' என்பதையும் ஒரே ஒரு இடத்தில்தான் சொல்ல முடியும். இரண்டு எச்.ஆரிடமும் அதையே சொல்லி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதில் கன்சல்டன்சி ஒன்று நடுவில் இருந்தால் கொஞ்சம் கவனம் தேவை. உங்களிடம் பேசுவது கம்பெனியின் எச்.ஆரா, கன்சல்டன்சியின் ஆளா என்று முதலில் மெயில் முகவரியைப் பாருங்கள். கன்சல்டன்சிக்குக் காசு வருவது நீங்கள் வேலையில் சேர்ந்த பிறகுதான். வருஷச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், என்பது இந்தத் தொழிலில் பழகிப்போன கணக்கு. அதனால் உங்களுக்கு இன்னொரு ப்ராசஸ் இருப்பதை அவர் கம்பெனிக்குச் சொல்லத் தயங்குவார், ஆள் போய்விடுவாரோ என்று கம்பெனி பின்வாங்கினால் அவர் உழைப்பு வீண். நான் அந்தப் பக்கம் இருந்தபோது நானே இப்படி ஒன்றிரண்டை அமுக்கி வைத்ததுண்டு. அதனால் கன்சல்டன்சிக்கு எழுதும் மெயிலில் "இதை கம்பெனி எச்.ஆருக்கும் அனுப்பி, எனக்கும் காப்பி போடுங்கள்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இரண்டு கம்பெனிக்கும் உங்களை அனுப்பியது ஒரே கன்சல்டன்சியாகவும் இருக்கலாம். அப்படி என்றால் மறைப்பதற்கு எதுவுமே இல்லை, அவர்களே இரண்டு தேதியையும் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்போது சிறுசேரி. அங்கே நீங்களாகப் போய் முன்கூட்டி எதுவும் சொல்ல வேண்டாம் என்பது என் கருத்து. செவ்வாய்க்கிழமை ஃபைனல் நடக்கட்டும். அவர்கள் ஏதும் வேகமாகச் செய்ய வேண்டிய அவசியம் இல்லை, இன்னும் உங்களுக்கு அங்கே ஒன்றும் கிடைக்கவும் இல்லை. ஆனால் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும், கேட்காவிட்டாலும் சம்பளம் பேச உட்காரும்போது நீங்களே சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல் தள்ளக் கூடாது. சம்பளப் பேச்சு முடிந்து அவர்கள் அப்ரூவலுக்கு அனுப்பிவிட்டால், அந்த நிமிஷத்திலிருந்து உங்களுக்காக ஐந்தாறு பேர் வேலை செய்கிறார்கள். ஃபைனலில் உங்களுக்கு அடுத்து வந்தவரையும் "ரெண்டு நாள்ல சொல்றோம்" என்று பேக்கப்பாக நிறுத்தி வைத்திருப்போம். எச்.ஆர். உங்களை அவசரப்படுத்துவது இதனால்தான். நீங்கள் வந்து சேர எப்படியும் 60 நாள் ஆகும், அதில் 3 நாள் கூடினால் கம்பெனிக்கு ஒன்றும் குடி முழுகாது. ஆனால் அந்தப் பேக்கப் ஆள் 3 நாள் காத்திருக்க மாட்டார். இது புரிந்தால் எவ்வளவு டைம் கேட்கலாம் என்பது தானாகப் புரியும். 2, 3 வேலை நாள் கேட்டால் பொதுவாகக் கிடைத்துவிடும். ஒரு வாரம் என்றால் பேக்கப் ஆளை எடுக்கலாமா என்று யோசிக்க ஆரம்பிப்போம்.

அந்த சம்பளப் பேச்சு போன் எப்போது வரும் தெரியுமா? வியாழக்கிழமை மதியம், நீங்கள் கிண்டி ரிசப்ஷனில் சட்டையில் விசிட்டர் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது. கணக்குப் போட்டுப் பாருங்கள், அன்றைக்குத்தான் வரும். எடுக்காதீர்கள். "வெளியில் இருக்கிறேன், 5 மணிக்கு மேல் கூப்பிடுகிறேன்" என்று ஒரு மெசேஜ் போதும். சாயங்காலம் நிதானமாக, கிண்டியில் என்ன நடந்தது என்பதும் தெரிந்த பிறகு பேசுங்கள்.

"சார், சம்பளம் பேசறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். இன்னொரு இடத்துல இன்னைக்கு ரவுண்ட் முடிஞ்சது. அவங்க முடிவு அடுத்த வாரம் 20-ம் தேதிக்குள்ள தெரிஞ்சிடும். உங்க ஆஃபர் வந்தா, 20-ம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்குள்ள ஆமாவா இல்லையான்னு சொல்லிடறேன். அதுக்கு மேல டைம் கேக்க மாட்டேன்."

கடைசி வரிதான் இதில் வேலை செய்யும். "கொஞ்சம் யோசிச்சு சொல்றேன் சார்" என்பது எங்களுக்குப் பயன்படாத பதில், அதை வைத்து மேனேஜரிடம் ஒன்றும் பேச முடியாது. ஒரு கிழமை, ஒரு மணி கொடுத்தால் அதைக் காட்டி பேக்கப் ஆளிடமும் பேசலாம், மேனேஜரையும் அடக்கலாம். ஆனால் சொன்ன 5 மணிக்கு நீங்கள் போன் செய்தே தீர வேண்டும், கிண்டி முடிவு வந்திருந்தாலும் வராவிட்டாலும்.

இதை வைத்து சம்பளத்தை ஏற்றப் பார்க்க வேண்டுமா என்று அடுத்து கேட்பீர்கள். தேதியையும் தொகையையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். கலந்த உடனே உங்கள் தேதி பொய் போலக் கேட்கும். இதற்கு எனக்கு ஒரு அனுபவம் இருக்கிறது.

சில வருஷம் முன் நான் இருந்த இடத்தில் ஒருவர் டெஸ்டிங் லீட் வேலைக்கு ஃபைனல் முடித்தார். நல்ல ஆள், எல்லோருக்கும் பிடித்தது. அவர் கேட்ட தொகை அந்தப் பதவிக்கு வகுத்த உச்ச வரம்பைவிடக் கொஞ்சம் மேலே. மேனேஜர் சரி என்றார். ஆனால் வரம்பைத் தாண்டிக் கொடுக்கத் தனியாக ஒரு அப்ரூவல் வாங்க வேண்டும், அது எங்களுக்கு வெளிநாட்டிலிருந்து வரணும், 4 நாள் ஆகும். அந்த நேரம் பார்த்து அவர் போன் செய்தார். இன்னொரு ஆஃபர் கையில் இருக்கிறது, நாளைக்கு மதியத்தோடு முடிகிறது, அதற்குள் நீங்கள் கொடுத்தால் பார்க்கலாம் என்றார். அவசரப்படுத்தினால் கேட்டதைக் கொடுத்துவிடுவார்கள் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். நாளைக்குள் என்றால் வரம்புக்குள் இருக்கும் தொகையைத்தான் என்னால் கொடுக்க முடியும். அதையே கொடுத்தேன். உடனே ஒத்துக்கொண்டார். சேர்ந்து ஒரு மாதம் கழித்து கேன்டீனில் டீ குடிக்கும்போது, அப்படி ஒரு ஆஃபரே இல்லை என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அந்த 4 நாள் பொறுத்திருந்தால் அவர் கேட்டதே கிடைத்திருக்கும். நானும் சிரித்துவிட்டு டீயைக் குடித்தேன், இதை அவரிடம் சொல்லவில்லை.

பொய்க் கெடு என்பது கேண்டிடேட் பக்கம் மட்டும் இருப்பதில்லை. மாதக் கடைசியில் எண்ணிக்கை காட்ட வேண்டி, "இன்னைக்குள்ள சொல்லலன்னா ஆஃபர் கேன்சல் ஆயிடும்" என்று நானே சொல்லியிருக்கிறேன். கேன்சல் எல்லாம் ஆகாது. உண்மைக் கெடுவா, எச்.ஆரின் அவசரமா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: கடிதத்தைப் படியுங்கள். எந்தத் தேதி வரை செல்லும் என்று பெரும்பாலான கடிதங்களில் எழுதியிருக்கும். போனில் சொல்வது அதைவிடக் குறைவாக இருந்தால், "லெட்டர்ல 19-ன்னு போட்டிருக்கே சார்" என்று கேட்டாலே குரல் இறங்கிவிடும். கடிதமே வராமல் போனிலேயே சம்மதம் கேட்டால், "லெட்டர் வந்ததும் படிச்சுட்டு சொல்றேன்" என்பதுதான் சரியான பதில். "நீங்க செலக்ட் ஆயிட்டீங்க" என்ற போனும், 'ஆஃபர் கொடுக்க உத்தேசம்' என்ற மெயிலும் ஆஃபர் இல்லை. அவற்றை நம்பி இப்போதைய வேலையில் பேப்பர் போட்டுவிடாதீர்கள்.

அலைச்சலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே வாரத்தில் இரண்டு நாள் லீவு போட்டால் உங்கள் இப்போதைய மேனேஜருக்கே மூக்கில் வியர்க்கும். செவ்வாய்க்கிழமை சிறுசேரிக்கு முழு நாள் லீவு போட்டே ஆக வேண்டும். திருமங்கலத்திலிருந்து பழைய மகாபலிபுரம் சாலையின் அந்தக் கடைசி வரை, மெட்ரோ வேலை நடக்கும் இடங்களையும் தாண்டிப் போவதற்கு 2 மணி நேரம் கையில் வைத்துக்கொள்வது நல்லது. கிண்டி உங்களுக்குச் சுலபம். திருமங்கலத்தில் மெட்ரோ ஏறி ஆலந்தூரில் மாறினால் அடுத்த நிறுத்தம் கிண்டி. இரண்டு ரவுண்டையும் மதியம் 2 மணிக்கு மேல் வைக்கச் சொன்னால் அரை நாள் லீவில் முடித்துவிடலாம். இதையும் எச்.ஆரிடம் சொல்லிக் கேளுங்கள். வேலையில் இருப்பவருக்கு லீவு கிடைப்பது கஷ்டம் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல.

20-ம் தேதி 5 மணி ஆகப் போகிறது, கிண்டியிலிருந்து கடிதம் வரவில்லை என்றால்? அன்று காலை 11 மணிக்கே கிண்டி எச்.ஆருக்கு ஒரு போன் செய்து, நேராகக் கேளுங்கள்: "மேடம், இன்னைக்கு சாயங்காலம் நான் இன்னொரு இடத்துக்கு பதில் சொல்லணும். என் விஷயம் எந்த ஸ்டேஜ்ல நிக்குது? அப்ரூவல்ல இருக்கா, இல்ல இன்னும் வேற கேண்டிடேட்ஸ் பாக்கறாங்களா?" பதிலைவிட, அதற்கு முன் இந்த வாரம் நடந்ததைப் பாருங்கள். சம்பளம் பேசி, ஸ்லிப்பும் ஃபார்ம் 16-ம் வாங்கி, எப்போது சேர முடியும் என்றும் கேட்டிருந்தால் உங்கள் பேர் உண்மையிலேயே அப்ரூவலில் இருக்கிறது. அப்போது சிறுசேரியில் திங்கட்கிழமை வரை கேட்டுப் பார்க்கலாம், ஒரு தடவை மட்டும், "டைம் கேக்க மாட்டேன்னு சொன்னேன், வாக்கு தவறுது, மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டு. அவர் மறுத்தால் அது அவர் உரிமை. டாக்குமென்ட் எதுவும் கேட்காமல் "ஃபீட்பேக் பாசிட்டிவ்தான், கெட் பேக் பண்றோம்" என்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தால், நீங்கள் அங்கே யாரோ ஒருவருக்குப் பேக்கப். அப்படி என்றால் நானாக இருந்தால் கையில் இருக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போடுவேன். கிண்டி எவ்வளவு பிடித்திருந்தாலும் சரி.

எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் மற்றவருக்கு அன்றைக்கே போன் செய்யுங்கள், மெசேஜ் வேண்டாம். "சார், நான் இன்னொரு இடத்துல ஒத்துக்கிட்டேன். என் ப்ராசஸ க்ளோஸ் பண்ணிடுங்க." அவ்வளவுதான், காரணம் விளக்க வேண்டியதில்லை. எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டாலும் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை 5 மணிக்கே சொன்னால், சனிக்கிழமை காலை அந்தப் பேக்கப் ஆளுக்கு நாங்கள் போன் செய்துவிடுவோம். திங்கட்கிழமை சொன்னால் அவரும் அதற்குள் வேறெங்காவது சரி என்று சொல்லியிருப்பார்.